மீந்த குழம்பும் சோறும்: ஆறட்டும் என்று விடாதீர்கள், ஆற்றுங்கள்

“சூடா வைக்காதே, ஆறினதும் ஃப்ரிட்ஜில் வை.” நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு இது. மார்கழியிலும் தையிலும் இதனால் வரும் கேடு குறைவு. கத்திரி வெயிலில்தான் இந்தப் பேச்சு நம்மை ஏமாற்றுகிறது. சமையலறையில் 34 டிகிரி வெப்பம் இருக்கும்போது, மேடையில் வைத்த குழம்பு எத்தனை மணி நேரம் இருந்தாலும் 34 டிகிரிக்குக் கீழே போகாது. கொதிநிலையிலிருந்து மெல்ல இறங்கி, கிருமிகள் செழித்து வளரும் சூட்டுக்கு வந்து, அங்கேயே தங்கிவிடும். அதை நாம் “ஆறிவிட்டது” என்கிறோம். உண்மையில் அது வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அந்த வெதுவெதுப்பில்தான் ஆபத்து.

உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டை ஆபத்தான எல்லை என்று குறிப்பிடுவார்கள். 60க்கு மேலே இருந்தால் கிருமிகள் பெருகாது. 5க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவை முடங்கிக் கிடக்கும். நடுவில் உள்ள இந்த அகலமான எல்லையை உணவு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதே கேள்வி. அதிலும் 50 முதல் 20 டிகிரி வரையிலான பகுதிதான் மிக மோசமானது. அதில் நிற்கவிடாமல் உணவை விரைவாக இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொதிக்க வைத்த குழம்பில் கிருமி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கொதித்ததும் கிருமிகள் செத்துவிடும் என்பது பெருமளவுக்கு உண்மைதான். ஆனால் சில கிருமிகள் வித்துகளாக மாறி இருக்கும். கெட்டியான ஓட்டுக்குள் உயிரை ஒடுக்கிக்கொண்டு, கொதிநீரிலும் பிழைத்துக் கிடக்கும். மீந்த உணவைப் பொறுத்தவரை இரண்டு கிருமிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது பாசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது, அதனால் நெல்லோடு வயலிலிருந்தே வருவது. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் கொஞ்சம் வித்து மிஞ்சும். சோறு வெந்த பிறகு, ஈரமும் மாவுச்சத்தும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடத்தில் அந்த வித்துகள் முளைக்கின்றன. முளைத்துப் பெருகிய கிருமிகளில் ஒரு வகை சோற்றிலேயே ஒரு நஞ்சைச் சுரந்துவிடும். அந்த நஞ்சைச் சூடு அழிக்காது. மறுபடி ஆவி பறக்கச் சூடாக்கினாலும், எண்ணெயில் வதக்கினாலும், கிருமி சாகும். நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இப்படி வாந்தி வந்ததைத் தொடர்ந்துதான் மருத்துவ உலகம் இதை நன்றாகக் கவனித்தது. அங்கே சோற்றை மொத்தமாக வடித்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டிதட்டும் என்று வெளியிலேயே வைத்திருந்து, கேட்கும்போது வாணலியில் போட்டு வதக்கிக் கொடுத்தார்கள். குளிர் நாட்டிலேயே அந்த நிலை.

இரண்டாவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இதற்குக் காற்று ஆகாது. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, பருப்பு, கெட்டியான குருமா போன்றவை பெரிய பாத்திரத்தில் இருக்கும்போது நடுப்பகுதியில் காற்று இருக்காது. கொதி அதை வெளியேற்றிவிட்டிருக்கும். சுற்றிலும் ஆறினாலும் நடுவில் சூடு தங்கும். அதுதான் இந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். 43 முதல் 45 டிகிரியில் இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, சில வேளை அதைவிட வேகமாகவே, இரண்டு மடங்காகும். ஒரு கிராம் குழம்பில் முளைத்த கிருமி நூறுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு முறை இரட்டித்தால் பதினாறு லட்சத்தைத் தாண்டும். அதற்கு ஆகும் நேரம் 2 மணி 20 நிமிடம். ஆளைப் படுக்க வைக்க அந்த அளவு போதும். இது வயிற்றுக்குள் போய் நஞ்சைச் சுரக்கும். மதியம் சாப்பிட்டவருக்கு இரவில் வயிறு முறுக்கி வயிற்றுப்போக்கு வரும். அதனால் பலரும் இரவில் சாப்பிட்டதைக் குறை சொல்கிறார்களே தவிர, மதியக் குழம்பைச் சந்தேகிப்பதில்லை.

இந்த இரண்டில் குழம்புக் கிருமிக்காவது மறு கொதி ஒரு தற்காப்பு. அதன் உயிருள்ள செல்கள் நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். சோற்று நஞ்சுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே குழம்பைவிடச் சோற்றில்தான் கூடுதல் கவனம் தேவை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. குழம்பைப் பற்றிக் கவலைப்படுகிறோம். சோற்றைக் குக்கரிலேயே மூடி மறந்துவிடுகிறோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம், வைகாசி மாதத்து ஞாயிறு. சொந்தக்காரர்கள் வருவதாக இருந்து பாதிப் பேர் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பந்தி முடிந்தபோது கோழிக்குழம்பு மூன்று லிட்டரும், சோறு ஒன்றரைக் கிலோவும் மிச்சம். சமையலறையில் 33 டிகிரி. குழம்பு குண்டானில் மூடியோடு இருக்கிறது. இன்னும் 65 டிகிரிச் சூடு.

அதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? 20 சென்டிமீட்டர் அகலமுள்ள குண்டானில் மூன்று லிட்டர் குழம்பு பத்து சென்டிமீட்டர் உயரம் நிற்கும். அந்தப் பாத்திரம் 33 டிகிரிக் காற்றில் 60லிருந்து 40க்கு இறங்கத் தோராயமாக நான்கு மணி நேரம் பிடிக்கும். காரணம் எளிது. குழம்புக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள சூட்டு வித்தியாசம் குறையக் குறைய, ஆறும் வேகமும் குறையும். 18 டிகிரி உள்ள ஒரு குளிர்நாட்டுச் சமையலறையில் அதே குழம்பு அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்துவிடும். மாலை ஆறரைக்கு, கை பொறுக்கும் சூடாகிவிட்டது என்று குண்டானை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், நடுப்பகுதி பத்து டிகிரிக்கு இறங்க இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதும் காற்றுதான். அது குளிர்ந்த காற்றாக இருந்தாலும், கெட்டியான பெரிய திரளின் நடுவிலுள்ள சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். ஆக, இரண்டு மணிக்குத் தொடங்கிய பயணம் நள்ளிரவு தாண்டித்தான் முடிகிறது. அதில் சில மணி நேரம் 45 டிகிரியை ஒட்டியே கழிந்திருக்கிறது.

இதையே முக்கால் மணி நேரத்தில் முடிக்கலாம். ஐஸ் தொழிற்சாலை எதுவும் தேவையில்லை.

முதல் வேலை குழம்பின் உயரத்தைக் குறைப்பது. உயரம் பாதியானால் நடுவிலிருக்கும் சூடு வெளியே வர ஆகும் நேரம், கெட்டியான குழம்பில், ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது. அதாவது மூன்று விரல் அகலம். அந்தக் குண்டான் அகலத்திலேயே இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து, குழம்பைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் கணக்குச் சரியாக வரும். பிளாஸ்டிக் டப்பா இந்த வேலைக்கு உதவாது. அது சூட்டை விடாது. மண்சட்டியும் அப்படித்தான். மீன்குழம்பை மண்சட்டியில் வைப்பது சுவைக்கு நல்லது. ஆனால் அதன் தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், மீந்ததை எவர்சில்வருக்கு மாற்றித்தான் ஆற்ற வேண்டும். கோழியோ ஆட்டுக்கறியோ பெரிய துண்டுகளாக இருந்தால் பிரிக்கும்போதே கரண்டியால் இரண்டாக்கிக்கொள்ளலாம். துண்டின் உள்ளேயிருக்கும் சூடு கடைசியாகத்தான் வெளியேறும்.

அடுத்து தண்ணீர். ஒரு பெரிய டப்பிலோ பாத்திரம் கழுவும் தொட்டியை நன்றாகத் துலக்கி அடைத்தோ, பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு பாத்திரங்களையும் இறக்க வேண்டும். வெளித் தண்ணீர் உள்ளேயுள்ள குழம்பின் மட்டத்துக்கு வந்தால் போதும். பாத்திரத்துக்குள் ஏறிவிடக் கூடாது. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வைகாசி மதியம் இரண்டு மணிக்கு மாடியிலுள்ள கறுப்புத் தொட்டியின் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்காது. குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தத் தண்ணீரில் வைப்பதால் முதல் சில டிகிரி இறங்குமே ஒழிய, அதற்கு மேல் பயனில்லை. காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரோ தரைத்தொட்டித் தண்ணீரோ வேண்டும். விருந்து சமைக்கிற நாளில் காலையில் இரண்டு வாளி பிடித்து வைப்பதைச் சமையலின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொள்ளலாம்.

தண்ணீரில் இறக்கியபின் சும்மா விடக் கூடாது. கழுவித் துடைத்த கரண்டியால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளற வேண்டும். பாத்திரத்தின் சுவரை ஒட்டிய குழம்புதான் குளிர்கிறது. கிளறினால்தான் நடுக்குழம்பு சுவர்ப் பக்கம் வரும். எண்ணெய் மிதக்கும் குழம்பில் இது இன்னும் முக்கியம். மேலே படர்ந்த எண்ணெய் மூடியைப் போல ஆவியைத் தடுத்துவிடும். கிளறும்போது மூடி வேண்டாம். ஈ வராமல் மெல்லிய துணி போதும். மூன்று லிட்டர் குழம்பு 65லிருந்து 40க்கு இறங்கும்போது விடும் சூடு, அந்தப் பத்து லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ ஏழு டிகிரி சூடாக்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். பத்து நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது வாளியை ஊற்ற வேண்டும். கொட்டுகிற தண்ணீர் செடிக்குப் போகட்டும்.

ஐஸை இதற்கு முன்பே போட்டு வீணாக்கக் கூடாது. 60 டிகிரிக் குழம்பில் போட்டாலும் 40 டிகிரிக் குழம்பில் போட்டாலும் ஒரு கிலோ ஐஸ் உறிஞ்சும் சூடு ஒன்றுதான். சாதாரணத் தண்ணீர் செய்யக்கூடிய வேலையை ஐஸிடம் கொடுப்பது நஷ்டம். தண்ணீரால் 40க்கு அருகில் இறக்கிய பிறகு, வெளித் தண்ணீரில் பெரும்பகுதியை இறைத்துவிட்டு ஐஸைச் சேர்த்தால், மூன்று லிட்டரை 40லிருந்து 20க்குக் கொண்டுபோக முக்கால் கிலோ அளவு ஐஸ் போதும். மீதமிருக்கும் தண்ணீரையும் பாத்திரத்தையும் கணக்கில் கொண்டால் ஒன்றேகால் கிலோ வைத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜிலுள்ள ஐஸ் டிரே இதற்குப் பற்றாது. இரண்டு லிட்டர் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி முதல்நாளே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் முழுக்க நிரப்பக் கூடாது. அந்த இரண்டு பாட்டில்களையும் டப்பில், குழம்புப் பாத்திரங்களுக்கு நடுவே நிறுத்தினால் பதினைந்து இருபது நிமிடத்தில் குழம்பு தொட்டால் சில்லென்று இருக்கும். பாட்டிலை மறுபடி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். குழம்புக்குள் பாட்டிலை விடுவது வேண்டாம். வெளிப்பக்கம் எவ்வளவு கழுவினாலும் மூடியின் திருகில் அழுக்கு இருக்கும்.

ஐஸே இல்லையென்றால்? இரண்டு முறை மாற்றிய தண்ணீரால் 35 வரை இறக்கி, மூன்று விரல் உயரத்திலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குண்டானோடு மேடையில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி சோறு. சோற்றைத் தண்ணீரில் இறக்கி ஆற்றுவது அவ்வளவு பயன்படாது. அதைக் கிளறினால் குழையும். பருக்கைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றும் சூட்டை வெளியேவிடாது. ஆனால் சோற்றுக்கு வேறொரு வசதி இருக்கிறது: ஆவி. ஒவ்வொரு கிராம் ஈரமும் ஆவியாகும்போது நிறையச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒன்றரைக் கிலோ சோறு கொதிசூட்டிலிருந்து அறையின் சூட்டுக்கு இறங்க ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும். அதற்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். கல்யாண வீட்டுச் சமையற்காரர்கள் புளியோதரைக்குச் சோற்றைப் பாயிலோ பெரிய தாம்பாளத்திலோ கொட்டிப் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பருக்கை உதிர வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். அதனாலேயே சோறு வேகமாகவும் ஆறுகிறது. வீட்டில் இரண்டு தாம்பாளங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் சோற்றைப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியின் காம்பால் புரட்டிவிட்டால் பதினைந்து இருபது நிமிடத்தில் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். அங்கே நிறுத்தாமல், தட்டையான டப்பாவுக்கு மாற்றி உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். அறைச் சூடு என்பது இங்கே 33 டிகிரி என்பதை மறக்கக் கூடாது. கையால் கிளறுவது வேண்டாம். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியும் சூட்டுக்கு அழியாத நஞ்சைச் சுரப்பதுதான்.

சோற்றைக் குக்கரிலேயே மூடிவைப்பது மிகவும் கெடுதல். ஹாட்பாக்ஸ் அதைவிடக் கெடுதல். சூடாகச் சாப்பிடுவதற்குத்தான் அது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாப்பிட்டு முடிப்பதற்கு. மிச்சத்தை இரவுக்கென்று அதில் விட்டால், கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பை மணிக்கணக்காகக் காத்துத் தருகிறோம்.

சூடான பொருளை வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டானை உள்ளே வைத்தால், பக்கத்திலிருக்கும் பாலும் மாவும் சூடேறும் என்பது நிஜம். அதற்காகத்தான் தண்ணீரில் இறக்குகிறோம். கை பொறுக்கும் சூட்டிலுள்ள இரண்டு தட்டையான டப்பாக்களால் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. வைக்கும்போது டப்பாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், சுற்றிக் காற்றுப் போக இடம்விட்டு வைக்க வேண்டும். மூடியை முதல் ஒரு மணி நேரம் லேசாகத் திறந்துவைத்து, குளிர்ந்த பிறகு இறுக்கி மூடலாம். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டு நடுத்தட்டில் வைத்துவிடலாம். பல வீடுகளில் கோடையில் ஃப்ரிட்ஜை நிரப்பித் தள்ளுவதால் உள்ளே 10 டிகிரிக்கு மேல் இருக்கும். அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வெளியில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறை வீட்டுச் சமையலுக்குச் சொல்லும் அளவு: சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், வெளியில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம். அவர்களுக்கு 32 டிகிரி என்பது சில நாள் வரும் வெயில். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் பங்குனி முதல் ஆவணி வரை பகலில் அதுதான் சாதாரணம். ஆகவே நம் கோடைக்கு ஒரு மணி நேரம் என்பதையே கணக்காகக் கொள்ள வேண்டும். உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியது முதல் இந்த நேரம் ஓடத் தொடங்கும். பெரிய குண்டானில் மூடியிருக்கும் குழம்பு அந்த அளவுக்கு இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கிண்ணத்தில் பரிமாறிய பொரியலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. மேலே சொன்ன வீட்டில் குழம்பு இரண்டு மணிக்கு 65 டிகிரியில் இருந்ததால் நேரம் கையிலிருந்தது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் ஒரு சின்ன அடையாளம் போதும். கிளறும்போது ஆவி நன்றாக எழுந்தால் கவலையில்லை. ஆவி நின்றுவிட்டால் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். யாராவது தாமதமாகச் சாப்பிட வருவார்கள் என்றால், அவருக்கானதை வெதுவெதுப்பாக வைத்துக் காத்திருக்காமல், மெல்லிய தீயில் ஆவி பறக்க வைத்திருங்கள். அல்லது ஆற்றி உள்ளே வைத்து, வந்ததும் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

இந்த நேரம் மொத்தக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். மதியம் முக்கால் மணி நேரம் மேடையில் இருந்த குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் மேசையில் வைத்து, மீதியை மறுபடி உள்ளே தள்ளினால், கிருமி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்துதான் தொடர்கிறது. அதனால் மொத்தத்தையும் எடுக்காமல், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கரண்டியால் எடுத்துச் சூடாக்க வேண்டும். சூடு என்றால் ஓரத்தில் குமிழி வருவதைச் சொல்லவில்லை. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். துண்டுக்கறியை விரலால் பிளந்தால் உள்ளேயும் சுட வேண்டும். சோறு முழுவதும் ஆவி வர வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அதில் சூடு ஒரே சீராகப் பரவாது. ஒருமுறை சூடாக்கியதில் மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

ஒழுங்காக ஆற்றி வைத்த சோற்றை மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். பிரிட்டனின் உணவுத்தர அமைப்பும் சோற்றுக்கு ஒரு நாள்தான் சொல்கிறது. குழம்புக்கு மூன்று நான்கு நாள் என்பது, உள்ளே 4 டிகிரிக்கு மேல் ஏறாத ஃப்ரிட்ஜுக்கான கணக்கு. மின்தடையும் அடிக்கடி திறக்கும் கதவும் உள்ள வீட்டுக்கு இரண்டு நாள் போதும் என்பது என் தீர்ப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல்நாளே ஃப்ரீசருக்குப் போகட்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அசைவக் குழம்பையும் சோற்றையும் கொட்டிவிட வேண்டும்.

“அந்தக் காலத்தில் ஃப்ரிட்ஜா இருந்தது?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒரு பதில் இருக்கிறது. அவர்கள் சோற்றை வெறுமனே மூடி வைக்கவில்லை. மீந்ததில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் சோற்றைச் சட்டென்று ஆற்றியது. பிறகு லாக்டிக் அமிலம் சுரக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதில் வளர்ந்து, புளிப்பேற்றி, மற்றவற்றை ஒடுக்கின. பழைய சோற்றின் காவல் அந்தப் புளிப்புதான். தண்ணீர் ஊற்றாமல் குக்கரில் மூடி வைத்த சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தோம் என்பதை, இரவெல்லாம் வெளியில் கிடந்த வெறும் சோற்றுக்குச் சான்றாகச் சொல்ல முடியாது. மதியம் முழுக்கக் கிடந்துவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றப்பட்ட சோற்றுக்கும் அது பொருந்தாது. சாப்பாடு முடிந்த உடனே ஊற்ற வேண்டும். புளிக்குழம்பும் வற்றல்குழம்பும் நாள்படத் தாங்குவதற்கும் புளியும் உப்பும் வற்றிப்போன ஈரமும்தான் காரணம். தேங்காய் அரைத்த குருமாவையும், கூட்டையும், அவியலையும், பருப்பையும் அந்த வரிசையில் சேர்க்க முடியாது. கோடையில் முதலில் ஊசிப்போவது இவைதான். கறிக்குழம்பைக் காலையும் மாலையும் சுண்டவைத்துச் சாப்பிட்ட வழக்கத்தில், ஒவ்வொரு கொதியும் முளைத்த கிருமியைக் கொன்றது. வித்துகளை அது கொல்லவில்லை. கொதியின் சூடே அவற்றை முளைக்கத் தூண்டும். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் அந்த முறைக்கு இப்போது தேவை இல்லை.

கடைசியாக, முகர்ந்து பார்ப்பது பற்றி. குழம்பு நுரைத்திருந்தால், பருப்பு நூல் விட்டால், சோறு பிசுபிசுத்தால், புளித்த வாடை வந்தால், அது ஊசிவிட்டது, கொட்டிவிடலாம். ஆனால் வாடை வரவில்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு. நான் மேலே சொன்ன இரண்டும் வேறு. இவை ஆளை நோயாக்கும் அளவுக்குப் பெருகிய பிறகும் குழம்பு மணமாகவே இருக்கும், சோறு வெள்ளையாகவே இருக்கும். ஒரு வாய் சுவைத்துப் பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம். கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால் இதில் சலுகையே கூடாது.

கோடையில் மதியச் சோறு மாலை வரை குக்கரிலேயே கிடந்துவிட்டதென்றால், எவ்வளவு இருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கோ நாய்க்கோ வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அடுத்த முறை, பந்தி முடிந்ததும் பாத்திரம் கழுவுவதற்கு முன்பு, முதலில் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள்.